பதினோரு மணிக் கணக்கு

தேர்தல் நாளில் நான் ஓட்டுப் போட்டுவிட்டு, விரலில் மை காய்வதற்குள் கலெக்டர் ஆபீஸுக்குப் போய்விடுவேன். பதினைந்து வருடமாக இதுதான் பழக்கம். ஒரு தமிழ் நாளிதழுக்குப் புதுக்கோட்டை மாவட்டச் செய்தியாளராக இருக்கிறேன். எங்கள் மாவட்டத்தில் ஆறு சட்டமன்றத் தொகுதிகள். ஆறிலும் எத்தனை சதவீதம் பதிவாகியிருக்கிறது என்று இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சொல்வார்கள். அதை வாங்கித் திருச்சி அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். நாடாளுமன்றத் தேர்தல் என்றால் இன்னும் சிக்கல். எங்கள் ஆறு தொகுதிகளையும் பிய்த்து, பக்கத்து ஊர்களின் பேரில் இருக்கும் நான்கு மக்களவைத் தொகுதிகளில் சேர்த்திருப்பதால், மாவட்டத்தின் சதவீதம் என்று ஒன்றைச் சொன்னால் அது எந்த வேட்பாளருக்கும் பொருந்தாது. இந்தத் தடவை சட்டமன்றத் தேர்தல். அதனால் வேலை எளிதாக இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

அந்தக் கணக்கு எப்படி வருகிறது என்று வெளியே பலருக்குத் தெரியாது. மெஷினிலிருந்து கம்பி வழியாக வருவதாக நினைக்கிறார்கள். மெஷினுக்கும் வெளியுலகத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. சாவடியில் இருக்கும் தலைமை அலுவலர் (பி.ஓ. என்போம்), அதாவது அன்றைக்கு அந்தப் பொறுப்பில் போடப்பட்ட யாரோ ஒரு ஆசிரியரோ அரசு ஊழியரோ, இதுவரை எத்தனை பேர் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்துத் தன் மண்டல அலுவலருக்கு போனில் சொல்லுவார். மண்டல அலுவலர் பத்துப் பன்னிரண்டு சாவடிகளை ஜீப்பில் சுற்றிக்கொண்டே அதை மேலே அனுப்புவார். ஆயிரத்துச் சொச்சம் சாவடிகளிலிருந்து இப்படி வாய்வழியாக வந்து சேரும் எண்களைக் கூட்டித்தான் சதவீதம் போடுகிறார்கள். அது தோராயக் கணக்கு. கடைசிக் கணக்கு, மறுநாள் காகிதங்களைச் சரிபார்த்த பிறகுதான் வரும்.

இந்தத் தடவை என் வீட்டுக்காரரும் ஒரு சாவடியின் தலைமை அலுவலர். அரசு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியர். எந்தச் சாவடி என்பது முந்தின நாள் காலையில், பொருட்களை வாங்கப் போகிற இடத்தில்தான் தெரியும். அங்கிருந்து போன் செய்து சாவடி எண்ணையும் ஊர்ப் பெயரையும் சொன்னார். ஜெகதாப்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு சின்ன மீனவ ஊர். இரண்டு மாதத்துக்கு முன்னால்தான் அந்தக் கரையிலிருந்து போன ஒரு விசைப்படகை இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போயிருந்தது. ஆட்கள் இன்னும் திரும்பவில்லை. ஓட்டுப் போட மாட்டோம் என்று ஒரு கூட்டத்தில் யாரோ சொன்னதை நானே செய்தியாக அனுப்பியிருந்தேன்.

"சிக்னல் இருக்காது. நானாக் கூப்புடுறேன், நீ சும்மாச் சும்மா அடிக்காத," என்றார்.

ஒன்பது மணிக் கணக்கு வந்தது. பதினோரு மணிக் கணக்கும் வந்தது. ஆறு தொகுதிகளும் ஏறக்குறைய ஒன்றாகவே ஏறிக்கொண்டிருந்தன. கடலோரத் தொகுதி கொஞ்சம் பின்தங்கியிருந்தது. அது எப்போதும் அப்படித்தான். நான் அனுப்பிவிட்டு கேன்டீனில் இட்லி சாப்பிட்டேன்.

ஒரு மணிக் கணக்கை அனுப்பிய கொஞ்ச நேரத்தில் செய்தியாளர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. படத்தில் இரண்டு திரைகள், பக்கத்தில் பக்கத்தில். சாவடிவாரியான கணக்கை யாரோ போனில் படம் பிடித்திருக்கிறார்கள். ஒரு வரியைச் சிவப்பில் வட்டமிட்டிருந்தார்கள். அந்தச் சாவடியில் பதினோரு மணிக்கு எழுநூற்றுச் சொச்சம் ஓட்டு. ஒரு மணிக்கு முந்நூற்றுச் சொச்சம். கீழே எழுதியிருந்தது: 'மீதி ஓட்டு எங்கே? கள்ள ஓட்டைப் போட்டுவிட்டு அழித்த அதிகாரி யார்?'

சாவடி எண்ணைப் பார்த்தேன். முந்தின நாள் அவர் சொன்னதை என் போனில் குறித்து வைத்திருந்தேன். எடுத்து ஒப்பிடத் தேவையே இருக்கவில்லை. ஆனாலும் எடுத்துப் பார்த்தேன். அதே எண்.

போட்ட ஓட்டு குறையாது. நேரம் ஆக ஆகக் கூடும், இல்லையென்றால் அப்படியே நிற்கும். குறைந்திருக்கிறது என்றால் இரண்டு எண்களில் ஒன்று தப்பு. இது எனக்குத் தெரியும். தெரிந்தும் இரண்டு எண்களையும் மறுபடி பெரிதாக்கிப் பார்த்தேன். அந்தப் படம் அதற்குள் ஐந்தாறு குழுக்களில் வந்துவிட்டது. ஒன்றில் அவருடைய பெயரும் பள்ளியும் சேர்ந்திருந்தன. இன்னொன்றில் 'உடனே கிளம்புங்கள்' என்று போட்டிருந்தார்கள்.

அவருக்கு அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது.

அப்போது திருச்சியிலிருந்து செய்தி ஆசிரியர் கூப்பிட்டார். அதிகம் பேசாத மனிதர். "ஏம்மா, ஒங்க மாவட்டந்தான? ஓட்டு காணாமப் போச்சுன்னு டிவியில ஓடுது. நம்ம வெப்சைட்ல இன்னும் ஒண்ணுமில்ல. ரெண்டு வரி குடுங்க."

"உறுதிப்படுத்திட்டு அனுப்புறேன் சார்."

"உறுதிப்படுத்துற வரைக்கும் ஒரு கேள்விக்குறி போட்டுக்கலாம்."

"அஞ்சு நிமிஷம் குடுங்க சார்," என்று வைத்துவிட்டேன்.

எதிரே இருந்த பெரிய கூடத்தில் சாவடிகளின் நேரலைக் காட்சிகளை வரிசையாகத் திரைகளில் ஓடவிட்டிருந்தார்கள். ஒவ்வொரு சாவடியிலும் ஒரு கேமரா. வாக்களிக்கும் அட்டைத் தடுப்பின் உள்பக்கம் தெரியாதபடி மூலையில் வைத்திருப்பார்கள். அதற்குப் பொறுப்பாக ஒரு துணை வட்டாட்சியர் இருந்தார். என் வயதுப் பெண். பல வருடப் பழக்கம். "அக்கா, இந்த நம்பர் மட்டும் போடச் சொல்லுங்க," என்றேன். என் முகத்தைப் பார்த்ததும் அவர் ஏன் என்று கேட்கவில்லை.

திரையில் ஒரு வகுப்பறை வந்தது. பச்சை வண்ணம் அடித்த சுவர். மேசைகளில் வாக்குப்பதிவு அலுவலர்கள். நடுவில் என் வீட்டுக்காரர், நேற்றுப் போட்ட அதே கோடு போட்ட சட்டையில், நின்றுகொண்டிருந்தார். அவர் உட்கார்ந்திருக்கவில்லை என்பதே எனக்குப் பயமாக இருந்தது. வாசலை அடைத்துக்கொண்டு ஆட்கள். போலீஸ்காரர் ஒருவர் இரண்டு கையையும் விரித்து அவர்களைத் தடுத்துக்கொண்டிருந்தார். சத்தம் கிடையாது. வாய்கள் மட்டும் அசைந்தன. என் வீட்டுக்காரர் கையைத் தூக்கி எதையோ சொல்ல வாயைத் திறந்தார். படம் அப்படியே உறைந்துவிட்டது.

"நெட்டு வீக்கு," என்றார் திரையை இயக்குபவர். "கொஞ்ச நேரத்துல வந்துரும்."

வாயைத் திறந்தபடி, கையைத் தூக்கியபடி அவர் திரையில் நின்றார். துணை வட்டாட்சியர் போனை எடுத்து மண்டல அலுவலரைக் கூப்பிட ஆரம்பித்தார். நான் பக்கத்தில் நின்று அந்த அசையாத படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதை எழுதும்போது ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. அந்த நேரத்தில் என் மனசுக்குள் ஒரு சந்தேகமும் வந்தது. யாராவது உள்ளே புகுந்து மிரட்டி இவரைச் செய்ய வைத்திருந்தால்? கத்தியைக் காட்டி மெஷினில் அழுத்திக்கொண்டே போயிருந்தால்? அப்படி நடந்தால் மனிதர் வெளியே சொல்லுவாரா? என்னிடம் சொல்லுவாரா? இருபது வருடம் கூட வாழ்ந்தவரைப் பற்றி ஒரு வாட்ஸ்அப் படம் என்னை அப்படி நினைக்க வைத்தது.

அந்த நினைப்பிலிருந்து என்னை வெளியே இழுத்தது கணக்குதான். ஏழு மணிக்கு ஆரம்பித்துப் பதினோரு மணி வரை நான்கு மணி நேரம். இருநூற்று நாற்பது நிமிடம். எழுநூறு ஓட்டு என்றால் நிமிடத்துக்கு மூன்று பேர். ஒருவர் உள்ளே வந்தால் பெயரைத் தேட வேண்டும், கையெழுத்து வாங்க வேண்டும், மை வைக்க வேண்டும், சீட்டை வாங்கிக்கொண்டு ஒரு ஓட்டுக்கு மெஷினைத் திறந்துவிட வேண்டும். அவர் பட்டனை அழுத்திய பிறகு, யாருக்குப் போட்டார் என்று காட்டும் துண்டுச்சீட்டு கண்ணாடிக்குள் ஏழு விநாடி நிற்கும். அது விழுந்தால்தான் அடுத்தவர். எவ்வளவு வேகமாக ஓட்டினாலும் நிமிடத்துக்கு ஒன்று தாண்டுவது கஷ்டம். கேமரா முன்னால், எல்லாக் கட்சி ஏஜென்ட்டும் உட்கார்ந்திருக்க, நான்கு மணி நேரம் நிமிடத்துக்கு மூன்று ஓட்டு யாராலும் போட முடியாது. எழுநூறுதான் தப்பு. ஒரு மணிக்கு வந்த முந்நூறு சரி.

செய்தி ஆசிரியர் மறுபடி கூப்பிட்டார். அந்தக் கணக்கைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"சரி. ஆனா இது நீங்க போட்ட கணக்கு. ஆபீஸர் யாராவது சொன்னாங்களா?"

"இன்னும் இல்ல சார். இன்னொண்ணும் சொல்லணும். அந்த பூத்துல பி.ஓ.வா இருக்கது என் வீட்டுக்காரரு."

இதைச் சொல்லாமலே சமாளித்திருக்கலாம். ஆனால் நாளைக்கு அது தெரியவந்தால், நான் போட்ட கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும் ஒருத்தரும் நம்பமாட்டார்கள். பொண்டாட்டி புருஷனைக் காப்பாற்ற எழுதினாள் என்பார்கள்.

"அவரு எப்படியிருக்காரு?" என்றார் செய்தி ஆசிரியர்.

"தெரியல சார். போன் எடுக்கல. ஆளுங்க சுத்தி நிக்கிறாங்க."

"நீங்க இத எழுத வேணாம். வேற ஆளப் போடுறேன். அதுவரைக்கும் நான் ஒண்ணும் போடல. நீங்க அவரப் பாருங்க."

மற்ற இடங்களில் செய்தி ஓடிக்கொண்டிருக்கும்போது ஒன்றும் போடாமல் இருப்பது அவருக்கு எவ்வளவு நெருக்கடி என்று எனக்குத் தெரியும்.

திரும்பித் திரையைப் பார்த்தேன். படம் ஒருமுறை துடித்தது. கூரை தெரிந்தது, பிறகு தரை, யாருடைய செருப்போ. அதற்கப்புறம் முழுக்க இருட்டு.

"கேமரா விழுந்துருச்சு," என்றார் இயக்குபவர் மெதுவாக.

அதே கூடத்தில் மற்றத் திரைகளில் எல்லாம் ஆட்கள் வரிசையில் நின்று, மை வைத்து, சிரித்துக்கொண்டு வெளியே போனார்கள். மேலே சுவரில் ஆறு தொகுதிகளின் சதவீதம் பெரிய எழுத்தில் இருந்தது. அதில் இரண்டு லட்சம் பேர் இருக்கும் ஒரு தொகுதிக்குள் அந்தச் சாவடி கரைந்துபோயிருந்தது. அங்கே கலவரமா, அமைதியா என்பது அந்தச் சதவீதத்தில் தெரியாது. எழுநூறு என்று தப்பாகப் பதிவானபோதுகூடப் புள்ளிக்குப் பின்னால் ஏதோ ஒரு இலக்கம் அசைந்திருக்கும், அவ்வளவுதான்.

மண்டல அலுவலர் கடைசியில் கிடைத்தார். துணை வட்டாட்சியர் ஒலிபெருக்கியில் போட்டார். ஜீப் ஓடும் சத்தத்துக்கு நடுவே அவர் கத்திப் பேசினார்.

"மேடம், தப்பு எங்க பக்கந்தான். காலையில பி.ஓ. சொன்னது எரநூத்திச் சொச்சம். சிக்னல் விட்டு விட்டு வந்துச்சு. எழநூத்தின்னு காதுல விழுந்து அப்படியே ஏத்திட்டோம். ஒரு மணிக்குச் சரியா ஏத்தினதும் கொறஞ்ச மாதிரி ஆயிருச்சு. நானு அங்கிட்டுத்தான் போய்க்கிட்டிருக்கேன். போலீஸ் வண்டியும் வருது."

எரநூறு, எழநூறு. எங்கள் பக்கத்தில் எல்லாரும் அப்படித்தான் சொல்வோம். வீட்டில் பேசினால் ஒருநாளும் குழப்பம் வந்ததில்லை.

"பி.ஓ. நல்லாருக்காரா?" என்று நான் குறுக்கே கேட்டேன்.

"தெரியலம்மா. இன்னும் போய்ச் சேரல."

அவர் போய்ச் சேர்ந்து, போன் வரும்வரை நான் அந்த இருட்டுத் திரையின் முன்னாலேயே நின்றேன். செய்தி ஆசிரியர் வேறு ஆள் மூலம் அதிகாரிகளின் விளக்கத்தை வாங்கிப் போட்டிருந்தார். அது ஒருத்தர் கண்ணிலும் படவில்லை. சிவப்பு வட்டம் போட்ட படம்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

அங்கே என்ன நடந்தது என்பதைப் பின்னால் இரண்டு பேர் சொல்லிக் கேட்டேன். என் வீட்டுக்காரர் துண்டு துண்டாகச் சொன்னார். மீதியை ஒரு பூத் ஏஜென்ட் சொன்னார். அந்த ஊர்ப் பெண், நாற்பது வயதிருக்கும். ஒரு கட்சிக்காக அன்றைக்கு உள்ளே உட்கார்ந்திருந்தவர்.

வந்த கூட்டத்தில் பாதிக்கு மேல் வெளியூர் ஆட்கள். பைக்கில் வந்திருக்கிறார்கள். முதல் கல் ஓடு வேய்ந்த கூரையில் விழுந்திருக்கிறது. அடுத்தது ஜன்னல் வழியாக வந்து, கேமரா வைத்திருந்த பெஞ்சைச் சாய்த்திருக்கிறது. மை வைக்கும் அலுவலர், ஒரு இளம் பெண், மேசைக்கு அடியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்திருக்கிறார். என் வீட்டுக்காரர் வாக்குப்பதிவை நிறுத்திவிட்டு, மெஷின் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். அதைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்றுதான் அவருக்குப் பயம். "என்ன அடிச்சாக்கூட மருந்து போட்டுக்கலாம். அது ஒடஞ்சா அந்த ஊர்ச் சனம் போட்ட ஓட்டெல்லாம் போயிரும்ல," என்றார்.

அப்புறம்தான் அவருக்கு யோசனை வந்திருக்கிறது. ஏஜென்ட்டுகள் எல்லாரையும் மேசையைச் சுற்றி வரச் சொல்லி, மெஷினில் 'டோட்டல்' பட்டனை அழுத்தியிருக்கிறார். அதை அழுத்தினால் யாருக்கு எத்தனை என்று காட்டாது. மொத்தம் எத்தனை ஓட்டு விழுந்தது என்று மட்டும் காட்டும். முந்நூற்றுச் சொச்சம். பக்கத்திலேயே வாக்காளர்கள் கையெழுத்துப் போட்ட பதிவேட்டைத் திறந்து கடைசி வரிசை எண்ணைக் காட்டியிருக்கிறார். அதே எண்.

"அழிச்சிருந்தா இந்தக் கையெழுத்தெல்லாம் எங்க போகும்? நீங்கதான காலையிலேர்ந்து பாத்துக்கிட்டிருக்கீங்க. நான் சொன்னா வெளிய நிக்கிறவங்க கேக்க மாட்டாங்க. நீங்க போய்ச் சொல்லுங்க," என்றாராம்.

அந்த ஏஜென்ட் பெண்தான் முதலில் நகர்ந்திருக்கிறார். எதிர்க்கட்சிக்காக உட்கார்ந்திருந்த பையனைப் பார்த்து, "நீயும் வாடா. நான் தனியாப் போனா என் கச்சிக்காரங்க மட்டுந்தான் நம்புவாங்க," என்று அவனையும் கூட்டிக்கொண்டு வாசலுக்குப் போயிருக்கிறார். இரண்டு பேரும் சேர்ந்து நின்று ஒரே எண்ணைச் சொன்னபோது கூட்டத்தில் ஊர்க்காரர்கள் முதலில் அடங்கியிருக்கிறார்கள். வெளியூர் ஆட்கள் அதற்கப்புறமும் கத்தியிருக்கிறார்கள். போலீஸ் வண்டி வந்ததும் பைக்குகள் கிளம்பிவிட்டன.

எனக்கு வந்த போன் அதற்குப் பிறகுதான் வந்தது. "நல்லாத்தான் இருக்கேன். மறுபடி ஆரம்பிச்சாச்சு. வரிசையில ஆளு நிக்கிறாங்க, வைக்கட்டா?" என்றார். அவர் குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. நான் சரிங்க என்று மட்டும் சொன்னேன். கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன்.

ஆறு மணிக்கு வாக்குப்பதிவு முடிந்தது. ஆறு மணிக்குள் வரிசைக்கு வந்துவிட்டவர்களுக்குச் சீட்டுக் கொடுத்து, அவர்கள் போட்டு முடிக்கும்வரை நடக்கும். அதனால்தான் ஐந்து மணிக் கணக்குக்கும் கடைசிக் கணக்குக்கும் வித்தியாசம் வரும். அதையும் ஒரு மோசடியாகப் பேசுவார்கள் என்று எனக்கு அப்போதே தெரிந்தது. அதை விளக்கி நான்கு வரி எழுதினேன். உள்பக்கத்துத் தொகுதி ஒன்றில் போன தடவையைவிடச் சதவீதம் நன்றாகவே கூடியிருந்தது. அலை வீசுகிறது என்று ஒரு கட்சிக்காரர் டிவியில் சொன்னார். நான் பழைய தாளை எடுத்துப் பார்த்தேன். ஓட்டுப் போட்டவர்கள் கூடவேயில்லை. பட்டியல் திருத்தத்தில் இறந்தவர்கள், இடம் மாறியவர்கள் என்று பெயர்களை எடுத்ததில் வாக்காளர் எண்ணிக்கை குறைந்திருந்தது. கீழே வகுக்கிற எண் சுருங்கினால் சதவீதம் தானாக ஏறும். அலை என்று பேசப்பட்டதில் பாதி அதுதான்.

அந்த மீனவ ஊர்தான் தொகுதியிலேயே மிகக் குறைவு. செய்தி ஆசிரியர் கேட்டார்: "அப்ப பொறக்கணிப்புத்தானா? நாளைக்கி நேராப் போய்ப் பாத்துட்டு எழுதுறீங்களா? கலாட்டா விஷயத்தத் தொட வேணாம். ஏன் கொறஞ்சுதுன்னு மட்டும் பாருங்க." என் வீட்டுக்காரர் இருந்த சாவடி ஊருக்கு நான் போகலாமா என்று யோசித்தேன். அவரே, "பேரு போட வேணாம், நான் படிச்சுட்டுத்தான் போடுவேன்," என்றார்.

என் வீட்டுக்காரர் மறுநாள் விடிந்த பிறகுதான் மெஷினை ஒப்படைத்துவிட்டு வந்து சேர்ந்தார். முழங்கையில் ஒரு சிராய்ப்பு. காப்பியைக் கையில் வாங்கியவர் குடிக்காமல் வைத்துக்கொண்டே இருந்தார். அவர் பெயரும் பள்ளியும் எத்தனை போன்களில் சுற்றுகின்றன என்று நான் சொல்லவில்லை. அவருக்கே தெரிந்திருந்தது. அவரைப் படுக்கச் சொல்லி, கதவை வெளியிலும் பூட்டிவிட்டு, மணமேல்குடி வழியாக அந்த ஊருக்குப் போனேன்.

பத்திரிகை என்றதும் ஊரில் பேச்சு நின்றுவிட்டது. மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. வலை பின்னிக்கொண்டிருந்த இரண்டு ஆண்கள் எழுந்து உள்ளே போனார்கள். அந்த ஏஜென்ட் பெண்ணின் வீட்டைக் கேட்டுத் தெரிந்துகொண்டு போனேன். சார் சம்சாரம் என்று சொன்ன பிறகுதான் கதவைத் திறந்தார்.

"ஏன் இவ்வளவு கொறஞ்சுச்சு? புறக்கணிச்சீங்களான்னு கேக்குறாங்க," என்றேன்.

"யாரு கேக்குறா?"

"எங்க ஆபீஸுல."

அவர் வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பொறக்கணிச்சோம்னு எழுதிப்புடாதீங்கம்மா. எங்க ஆளுகள விடச் சொல்லி வாரத்துக்கொருக்க மனு குடுக்கப் போறோம். ஓட்டே போடாத ஊருன்னு பேரு வந்துட்டா எந்த மூஞ்சியோட போய் நிப்போம்? கூட்டத்துல ஒருத்தன் கோவத்துல சொன்னான். அதோட சரி. பொம்பளைங்க எல்லாரும் போட்டோம். இருக்க ஆம்பளைகளும் போட்டாங்க."

"அப்ப மத்தவங்க?"

"தடைக்காலத்துல இங்கிட்டு என்ன வேல இருக்கு? வயசுப் பயலுகல்லாம் கேரளாவுக்குப் போயிட்டானுக, அங்க படகு ஓடுதுல்ல. கொஞ்சப் பேரு கத்தாரு, சவுதி. பேரு பட்டியல்ல கெடக்கு, ஆளு இங்க இல்ல. எங்க வீட்டுக்காரரு அந்தப் படகுல போனவரு. சிலோன் செயில்ல இருக்காரு. நேத்து ஓட்டுப் போட்டவங்க பேர அடிக்கிறதுக்கு அவரு பேரு இருக்க பக்கத்த நானே கையில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். சாயங்காலம் வரைக்கும் அதுக்கு நேரா ஒரு கோடும் விழல. ஒங்க கணக்குல அவரும் ஓட்டுப் போடாதவருதான?"

ஆமாம் என்றேன். வேண்டாம் என்று வீட்டில் படுத்திருந்தவரும், வெளிநாட்டுச் சிறையில் இருப்பவரும் அந்தச் சதவீதத்தில் ஒன்றுதான். அதைப் பிரித்துக் காட்டும் வழி இல்லை.

"இன்னொண்ணு கேக்கணும்," என்றார். குரல் இன்னும் இறங்கியது. "ஓட்ட எண்ணுறப்ப எங்க பூத்து மெஷின தனியாத்தான எண்ணுவாங்க?"

"ஒவ்வொரு மெஷினையும் தனித்தனியாத்தான் எண்ணுவாங்க."

"அப்ப எங்க ஊரு எந்தப் பக்கம் போட்டுச்சுன்னு தெரிஞ்சிரும்."

"யாரு யாருக்குப் போட்டாங்கன்னு தெரியாது. ஊரு மொத்தமா தெரியும்."

"முந்நூறு நானூறு பேருதான இருக்கோம். மொத்தமாத் தெரிஞ்சாப் பத்தாதா? நேத்துப் பைக்குல வந்தவனுகளுக்கு அது போதும்."

கிளம்பும்போது அவர் தன் பெயரைப் போட வேண்டாம் என்றார். ஊர்ப் பெயரையும் போடவில்லை. ஆண்கள் கடல் வேலைக்கும் வெளிநாட்டுக்கும் போயிருக்கும் ஊர்களில் பதிவு குறைவதை மட்டும் எழுதினேன். புறக்கணிப்பு என்று சொல்ல இந்தக் கணக்கில் ஆதாரம் எதுவும் இல்லை என்றும் எழுதினேன். செய்தி ஆசிரியர் அதைச் சதவீதப் பட்டியலுக்குக் கீழே முழுவதுமாகப் போட்டார்.

நான் அந்த ஊருக்குப் போன அன்றைக்கே எல்லா வேட்பாளர்களின் ஆட்கள் முன்னிலையில் அந்தச் சாவடியின் பதிவேடுகளைச் சரிபார்த்தார்கள். தப்பொன்றும் இல்லை, மறுவாக்குப்பதிவு வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டார்கள். எண்ணிக்கை நாளிலும் அந்த மெஷினில் இருந்த மொத்தம், என் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மொத்தத்தோடு ஒத்துப்போனது. அவ்வளவு சத்தம் போட்டவர்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தப்பாகச் சொன்னோம் என்று யாரும் எங்களுக்கு எழுதவுமில்லை.

பல வாரங்கள் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் எங்கள் வீட்டில் எடுக்கமாட்டோம். அதற்கு முன் எடுத்த அழைப்புகளில் சில பேர் திட்டினார்கள். ஒருத்தன் பள்ளி எத்தனை மணிக்கு விடும் என்று மட்டும் கேட்டு வைத்துவிட்டான். என் வீட்டுக்காரர் ஸ்கூட்டரை விட்டுவிட்டு பஸ்ஸில் போக ஆரம்பித்தார். போலீஸில் எழுதிக் கொடுத்தோம். மெல்ல மெல்ல அழைப்புகள் குறைந்தன. நான் கேட்டால், "வேற எதையாச்சும் பேசு," என்பார்.

அந்த ஊருக்குப் பயந்தபடி ஒன்றும் நடக்கவில்லை. அவர்கள் பக்கம் யாரும் பைக்கில் வரவில்லை. ஆனால் எண்ணிக்கை முடிந்த வாரம் முழுக்கப் பொழுது சாய்வதற்குள் கதவைச் சாத்திக்கொண்டதாக அந்தப் பெண் சொன்னார்.

அவர் எப்போதாவது என்னைக் கூப்பிடுவார். படகில் போன நான்கு பேர் திரும்பிவிட்டார்கள். அவருடைய வீட்டுக்காரர் படகை ஓட்டியவர் என்பதால் அவருக்குத் தண்டனை கொஞ்சம் நீளம். போன மாதம் கூப்பிட்டபோது அதைப் பற்றிப் பேசுவார் என்று நினைத்தேன். ஆனால் அவர் கேட்டது வேறு.

"அடுத்தாப்புல பட்டியல் திருத்த வீடு வீடா வருவாங்கள்ல. ஆளு இல்லைன்னு சொல்லிட்டா இவரு பேர எடுத்துருவாங்களாம்மா?"

கொஞ்ச நாள் ஊரில் இல்லாததால் பெயரை எடுக்க முடியாது, அதே வீட்டில்தான் குடியிருக்கிறார் என்று சொல்லுங்கள், போய்விட்டார் என்ற வார்த்தையை மட்டும் வாயில் வரவிடாதீர்கள் என்றேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். "நான் கடையில நிக்கிறப்ப வந்தாங்கன்னா? மாமியாளுக்குக் காது கேக்காது," என்றார்.

பக்கத்து வீட்டில் சொல்லி வைக்கச் சொன்னேன்.